பிரெட்னிசோலோன்: எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம்?

காலையில் எழும்போது குழந்தையின் கண்ணிமைகள் வீங்கியிருக்கும். மாலைக்குள் முகம் வடிந்துவிடும், கால் வீங்கத் தொடங்கும். அலர்ஜி என்று நினைத்துச் சில நாட்கள் போகும். அதற்குள் வயிறும் உப்பி, சிறுநீர் குறைந்து நுரைத்துப் போக ஆரம்பிக்கும். பரிசோதித்தால் சிறுநீரில் புரதம் 3+ அல்லது 4+ இருக்கும், இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் மிகவும் குறைந்திருக்கும். இதுதான் நெஃப்ரோடிக் சிண்ட்ரோம். சிறுநீரகத்தின் வடிகட்டி ஆல்புமினைக் கசிய விடுகிறது. ஆல்புமின் குறைந்தால் நீர் இரத்தக் குழாய்க்குள் தங்காமல் திசுக்களில் தேங்குகிறது. இரண்டு முதல் ஆறு வயதுக்குள்தான் இது அதிகம் வருகிறது.

இந்த வயதில் நோய் வரும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்குப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை வேலை செய்கிறது. ஆனால் மருந்துச் சீட்டைப் பார்த்ததும் வீட்டில் கலக்கம் வந்துவிடும். மூன்று வயதுக் குழந்தைக்குத் தினமும் 35 மி.கி.யா, அதுவும் ஆறு வாரமா என்று கேட்பார்கள். உறவினர் யாராவது ஸ்டீராய்டு ஆபத்து என்பார். முகம் வடிந்ததும் மாத்திரையைப் பாதியாக்கிவிடுவார்கள். சீட்டில் இருக்கும் அந்த எண்கள் எப்படி வந்தன என்று தெரிந்தால் இந்தத் தவறு நடக்காது.

சதுர மீட்டர் கணக்கு

காய்ச்சல் மருந்தை எடைக்கு ஏற்றபடி தருவது நமக்குப் பழக்கம். நெஃப்ரோடிக் சிண்ட்ரோமுக்கான பிரெட்னிசோலோனை உடற்பரப்பைக் கொண்டு, அதாவது உடலின் மேற்பரப்பு எத்தனை சதுர மீட்டர் என்று பார்த்துக் கணக்கிடுகிறார்கள். தொடக்க அளவு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 60 மி.கி. உடற்பரப்பு எவ்வளவு இருந்தாலும் மொத்தம் 60 மி.கி.யைத் தாண்டக் கூடாது. 1960களின் இறுதியில் பல நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சேர்ந்து தொடங்கிய ஆய்வுக் குழு இந்த அளவைப் பயன்படுத்தியது. அது இன்றுவரை நிலைத்திருக்கிறது.

பரப்பை ஏன் பார்க்க வேண்டும்? ஒரே அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரில் டம்ளரில் ஊற்றியது சீக்கிரம் ஆறும், அண்டாவில் இருப்பது மெல்ல ஆறும். டம்ளரில் நீரின் அளவோடு ஒப்பிட்டால் வெளிப்பரப்பு அதிகம். சிறு குழந்தையின் உடலும் அப்படித்தான்: ஒரு கிலோ எடைக்கு அதற்குள்ள பரப்பு பெரியவர்களைவிடக் கூடுதல். உடலின் வளர்சிதை மாற்றமும் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டமும் எடையைவிடப் பரப்போடு நெருக்கமாகப் பொருந்துகின்றன. அதனால் கிலோ கணக்கில் மட்டும் கொடுத்தால் சிறு குழந்தைக்கு மருந்து குறைந்துபோகும்.

உடற்பரப்பைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. சென்டிமீட்டரில் உயரத்தையும் கிலோவில் எடையையும் பெருக்கி, 3600ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஒரு சிறுமியை எடுத்துக்கொள்வோம். வயது மூன்று, உயரம் 95 செ.மீ., எடை 14 கிலோ. 95 × 14 = 1330. அதை 3600ஆல் வகுத்தால் 0.369, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 0.61 சதுர மீட்டர். அதை 60ஆல் பெருக்கினால் 36.5 மி.கி. வருகிறது. கிடைக்கும் மாத்திரைகளுக்கு ஏற்ப மருத்துவர் இதை 35 மி.கி. ஆக்குவார்: ஒரு 20, ஒரு 10, ஒரு 5.

கிலோவுக்கு 2 மி.கி. என்ற எளிய கணக்கும் வழிகாட்டு நெறிகளில் உண்டு. அதன்படி இவளுக்கு 28 மி.கி.தான் கிடைக்கும். சதுர மீட்டர் கணக்கைவிட 8 மி.கி.க்கு மேல் குறைவு. 30 கிலோவை நெருங்கும்போது இரண்டு கணக்கும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். குழந்தை சிறியதாக இருக்க இருக்க இடைவெளி கூடும். அதனால்தான் பல குழந்தைச் சிறுநீரக மருத்துவர்கள் உயரத்தையும் அளந்துகொள்கிறார்கள்.

எந்த எடை?

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சிறுமி மருத்துவமனைக்கு வந்த அன்று தராசு காட்டியது 17 கிலோ. கூடுதலான 3 கிலோ தேங்கிய நீர். அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் 40 மி.கி. வரும். ஆனால் மருந்து அந்த நீருக்கு அல்ல, குழந்தையின் உண்மையான உடலுக்கு. அதனால் வீக்கம் வருவதற்கு முன்பு என்ன எடை என்று மருத்துவர் கேட்பார். தடுப்பூசி அட்டையிலோ அங்கன்வாடிப் பதிவேட்டிலோ அது எழுதியிருக்கலாம். எதிலும் இல்லாவிட்டால் உயரத்துக்கு உரிய எடையை வளர்ச்சி வரைபடத்தில் பார்த்து எடுத்துக்கொள்வார்கள்.

மருந்துக்கடையிலும் ஒரு கவனம் வேண்டும். மாத்திரை விழுங்க முடியாத குழந்தைக்குச் சிரப் எழுதுவார்கள். 5 மில்லியில் 5 மி.கி. உள்ள சிரப்பும் உண்டு, 5 மில்லியில் 15 மி.கி. உள்ள சிரப்பும் உண்டு. இத்தனை மில்லி கொடுங்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துப் பாட்டில் மாறினால் மருந்து மூன்று மடங்கு கூடும் அல்லது மூன்றில் ஒன்றாகக் குறையும். எனவே சீட்டில் மி.கி. கணக்கும் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாட்டிலின் மேல் எழுதியிருப்பதை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதல் முறை: காலண்டர் சொல்வதைக் கேளுங்கள்

நம் சிறுமிக்கு மாத்திரை தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு நாட்களில் சிறுநீர் அதிகம் போகத் தொடங்கியது. வீக்கம் வடிந்தது. காலை முதல் சிறுநீரில் ஸ்ட்ரிப்பை நனைத்துப் பார்த்தால் புரதம் இல்லை. தொடர்ந்து மூன்று நாள் இப்படி, அல்லது மிகச் சிறிதளவே புரதம் இருந்தால், நோய் அடங்கியதாகக் கொள்வார்கள்.

பெரும்பாலான வீடுகளில் தவறு நடப்பது இந்தக் கட்டத்தில்தான். சிறுநீர் தெளிந்த பிறகு மாத்திரை எதற்கு என்று தோன்றும். முதல் முறை நோய் வரும்போது சிறுநீர் எப்போது தெளிந்தாலும் சிகிச்சையின் கால அளவு மாறாது. இந்தியக் குழந்தைச் சிறுநீரக மருத்துவர்களின் 2021ஆம் ஆண்டு நெறிமுறை ஆறு வாரம் தினமும் கொடுக்கச் சொல்கிறது. பாதியில் விட்டால் நோய் விரைவிலேயே திரும்பும் வாய்ப்பு கூடும். அப்போது மறுபடியும் முழு அளவில் தொடங்க வேண்டிவரும். ஆறு வாரம் முழுதாகக் கொடுத்தும் புரதம் நிற்கவில்லை என்றால் மருந்தைக் கூட்டிப் பயனில்லை. அது ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படாத வகை. சிறுநீரகத் திசுப் பரிசோதனையும் வேறு மருந்துகளும் தேவைப்படும்.

ஆறு வாரம் முடிந்ததும் ஒரே படியாக இறக்குகிறார்கள்: சதுர மீட்டருக்கு 40 மி.கி., ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில் ஒரே வேளையாக. இதற்கு உச்ச அளவு 40 மி.கி. நம் சிறுமிக்கு 0.61 × 40 என்றால் 24 மி.கி.யைச் சற்றுத் தாண்டும். 25 மி.கி. என்று வைத்துக்கொள்வார்கள். இது இன்னும் ஆறு வாரம். அதன் பின் நிறுத்திவிடலாம். 35 தினமும் என்பதிலிருந்து 25 ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால், நாளொன்றுக்குச் சராசரி 12.5 மி.கி.தான். ஒரே படியில் மருந்து மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது.

இடையில் ஒருநாள் விடுவது ஏன்? நம் உடல் அட்ரீனல் சுரப்பியின் மூலம் தானாகவே ஒரு ஸ்டீராய்டைச் சுரக்கிறது, அதுவும் காலையில் அதிகமாக. வெளியிலிருந்து தினமும் மருந்து வந்தால் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். மாத்திரை இல்லாத நாளில் அது மறுபடி இயங்கப் பழகுகிறது. குழந்தையின் உயர வளர்ச்சியும் இந்த முறையில் அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை. இதில் எளிதில் நடக்கும் பிழை ஒன்று உண்டு. ஒற்றைப்படைத் தேதிகளில் கொடுப்பது என்று முடிவுசெய்தால், 31ஆம் தேதிக்கு அடுத்து 1ஆம் தேதி வந்து இரண்டு நாள் தொடர்ச்சியாகிவிடும். தேதியை நம்பாமல் காலண்டரில் மாத்திரை நாட்களை முன்கூட்டியே வட்டமிட்டு வைப்பது நல்லது.

மிக மெதுவாக, ஆறு மாதம் வரை இழுத்துக் குறைத்தால் நோய் திரும்பாது என்று ஒரு காலத்தில் நம்பப்பட்டது. இந்தியாவிலும் ஜப்பானிலும் 2015இல் வெளியான ஆய்வுகளும், பிரிட்டனில் 2019இல் வெளியான ஆய்வும் குறுகிய சிகிச்சையையும் நீண்ட சிகிச்சையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பார்த்தன. நீட்டித்ததால் பெரிய பலன் கிடைக்கவில்லை. எனவே பன்னிரண்டு வாரத்தைக் குறைக்கவும் வேண்டாம், பயந்து நீட்டிக்கவும் வேண்டாம். சில நாடுகளில் நான்கு வாரம் தினமும், நான்கு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று தருகிறார்கள். உலக அளவிலான நெறிமுறை இரண்டையும் ஏற்கிறது.

திரும்பி வந்தால்: சிறுநீர் சொல்வதைக் கேளுங்கள்

இந்த நோய் பல குழந்தைகளுக்குத் திரும்பி வரும், பெரும்பாலும் சளி, காய்ச்சலைத் தொடர்ந்து. சிகிச்சை முடிந்து ஐந்து மாதம் கழித்து நம் சிறுமிக்குச் சளி பிடித்தது. காலைச் சிறுநீரில் தொடர்ந்து மூன்று நாள் புரதம் 3+ வந்தது. முகம் வீங்கவில்லை, ஆனால் நோய் திரும்பிவிட்டது என்பதற்கு இதுவே போதும். வீட்டில் ஸ்ட்ரிப் வைத்துப் பார்த்து நோட்டில் எழுதி வந்ததால் வீக்கம் வரும் முன்பே தெரிந்தது.

அளவைப் புதிதாகக் கணக்கிட வேண்டும், ஏனெனில் குழந்தை வளர்ந்திருக்கிறது. இப்போது உயரம் 98 செ.மீ., எடை 15.5 கிலோ, பரப்பு 0.65 சதுர மீட்டர். 60ஆல் பெருக்கினால் 39, அதாவது 40 மி.கி. ஆனால் இந்த முறை ஆறு வாரம் கிடையாது. சிறுநீர் மூன்று நாள் தொடர்ந்து தெளியும் வரை மட்டும் தினமும் கொடுக்க வேண்டும். இவளுக்கு எட்டு, ஒன்பது, பத்தாம் நாட்களில் தெளிந்தது. அதனால் பத்து நாளோடு தினசரி மருந்து முடிந்தது. பிறகு சதுர மீட்டருக்கு 40 என்ற கணக்கில் 25 மி.கி., ஒருநாள் விட்டு ஒருநாள், நான்கு வாரம். அதன் பின் நிறுத்தம். அடிக்கடி திரும்பும் குழந்தைகளுக்கு மட்டும் மிகக் குறைந்த அளவை ஒருநாள் விட்டு ஒருநாள் பல மாதம் தொடர்வார்கள், அல்லது ஸ்டீராய்டைக் குறைக்க உதவும் வேறு மருந்தைச் சேர்ப்பார்கள்.

கவனிக்க வேண்டியவை

மருந்து எடுக்கும் நாட்களில் பசி கூடும், கன்னம் உப்பும், குழந்தை எரிச்சல்படும். அளவு குறையும்போது இவை தணியும். இரத்த அழுத்தத்தையும் உயரத்தையும் ஒவ்வொரு முறையும் அளக்கச் சொல்லுங்கள். வீக்கத்தோடு காய்ச்சலும் கடுமையான வயிற்று வலியும் வந்தால் வயிற்றுக்குள் கிருமித் தொற்று இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சின்னம்மை வந்தவரோடு பழகியிருந்தாலும் உடனே சொல்ல வேண்டும். உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகளை இந்த நாட்களில் தள்ளிப்போடுவார்கள்.

நிறுத்திய பிறகும் ஏறத்தாழ ஓராண்டுக்கு அட்ரீனல் சுரப்பி முழு பலத்தோடு இல்லாமல் இருக்கலாம். அந்தக் காலத்தில் கடும் காய்ச்சல், நிற்காத வாந்தி, அறுவைச் சிகிச்சை எது வந்தாலும், குழந்தை எந்த மாதம் வரை எவ்வளவு பிரெட்னிசோலோன் எடுத்தது என்பதை எந்த மருத்துவரிடமும் முதலில் சொல்லுங்கள். தேவைப்பட்டால் சில நாட்களுக்கு ஸ்டீராய்டு தந்து காப்பாற்ற முடியும். சிறுநீர்ப் பரிசோதனை முடிவு, எடை, உயரம், அன்றைய மி.கி. ஆகிய நான்கையும் ஒரே நோட்டில் எழுதி வந்தால், அடுத்த அளவைக் கணக்கிடவும் அவசரத்தில் காட்டவும் அதுவே போதும்.