முதியோர் இல்லத்தில் ஃபுளூ: இரண்டாவது ஆள் படுத்ததுமே செய்ய வேண்டியவை

உங்கள் அம்மாவோ அப்பாவோ முதியோர் இல்லத்தில் இருக்கிறார்களா? அப்படியானால் மழைக்காலத்தில் ஒரு நாள் உங்கள் வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி வரலாம்: "இல்லத்தில் சிலருக்குக் காய்ச்சல். இந்த வாரம் யாரும் பார்க்க வர வேண்டாம்." உடனே மனசு பதறும். என்ன கேட்பது, யாரைக் கேட்பது என்று தெரியாது. இல்லம் சரியாகத்தான் செய்கிறதா என்பதை நீங்களே எப்படித் தெரிந்துகொள்ளலாம் என்று ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

32 முதியவர்கள் இருக்கும் ஓர் இல்லம் என்று வைத்துக்கொள்வோம். நவம்பர் 3, திங்கள்கிழமை. 78 வயதுத் தாத்தா ஒருவருக்கு இருமல், உடம்பு வலி, 101 டிகிரி காய்ச்சல். "மழையில் நனைந்திருப்பார்" என்று பாராசிட்டமால் கொடுத்துப் படுக்க வைக்கிறார்கள். புதன்கிழமை காலை எதிர் அறைப் பாட்டி இட்லியைத் தொடவே இல்லை. கழிவறைக்குப் போகும்போது தடுமாறுகிறார். மகளின் பெயரை மாற்றிச் சொல்கிறார். காய்ச்சல் பார்த்தால் 99.2 தான். "வயசானா இப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவார்கள்.

தவறு நடப்பது இங்கேதான். வயதானவர்களுக்கு ஃபுளூ வந்தால் பெரிய காய்ச்சல் வரணும்னு அவசியமில்லை. பசியின்மை, திடீர்க் குழப்பம், தடுமாறி விழுதல், ஓயாத தூக்கம் இவையே முதல் அறிகுறியாக இருக்கலாம். வழக்கமாக 97 டிகிரி காட்டும் ஒருவருக்கு 99.2 என்பது காய்ச்சல்தான். அதனால் ஒவ்வொருவரின் வழக்கமான வெப்பநிலையும் நோட்டில் இருக்க வேண்டும்.

72 மணி நேரத்துக்குள் இரண்டு பேருக்கு இப்படி வந்துவிட்டால் அதை நோய்ப் பரவலாகவே எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டும். ஃபுளூ கிருமி உடம்புக்குள் போய் 1 முதல் 4 நாட்களில் நோயாகிறது. நோய் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அவர் மற்றவர்களுக்குப் பரப்பத் தொடங்கிவிடுகிறார். அதாவது பாட்டி தடுமாறிய அந்தப் புதன்கிழமை, சாப்பாட்டு மேசையில் இன்னும் சிலருக்கு அது ஏற்கெனவே போயிருக்கும்.

சரி, புதன்கிழமை இல்லம் என்ன செய்ய வேண்டும்? முதலில், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலருக்கோ, நகரமானால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ தகவல் தர வேண்டும். நோயுற்றவர்களின் மூக்கு, தொண்டையிலிருந்து மாதிரி எடுத்து ஆர்டி-பிசிஆர் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். பதினைந்து நிமிடத்தில் முடிவு காட்டும் அட்டைப் பரிசோதனையில் 'இல்லை' என்று வந்தால் அதை நம்பி விட்டுவிடக் கூடாது. ஃபுளூ இருப்பவர்களில் பலரை அது தவறவிடும்.

நோயுற்றவர்களுக்கு மருந்து தொடங்க அந்த முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஃபுளூவுக்கான மருந்தின் பெயர் ஓசல்டாமிவிர். டாமிஃபுளூ என்று சொன்னால் பலருக்குத் தெரியும். நோய் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் இதன் முழுப் பலன் கிடைக்கும். தாமதமாகிவிட்டாலும் முதியவர்களுக்குக் கொடுப்பது நல்லது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் எச்1என்1 வழிகாட்டுதலிலும், 65 வயதைக் கடந்தவர்கள் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மருந்து தரப்பட வேண்டிய பிரிவில்தான் வருகிறார்கள். வழக்கமான அளவு 75 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, 5 நாட்கள். சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தால் குமட்டல் குறையும். ஆன்டிபயாடிக் மாத்திரை ஃபுளூ கிருமியை ஒன்றும் செய்யாது. கூடவே நிமோனியா சேர்ந்தால்தான் அதற்கு வேலை.

வியாழன் மாலை முடிவு வருகிறது: ஒருவருக்கு ஃபுளூ உறுதி. அதற்குள் நோயுற்றவர்கள் நால்வர். மீதி 28 பேரும் நன்றாக இருக்கிறார்கள். அவர்களுக்கு எதற்கு மருந்து என்று கேட்பீர்கள். பரவல் உறுதியான இல்லத்தில், நோய் வராதவர்களுக்கும் அதே மருந்தைத் தினம் ஒன்று வீதம் தடுப்பாகக் கொடுப்பது உலகில் பல நாடுகளில் பின்பற்றப்படும் முறை. தடுப்பூசி போட்டவர்களுக்கும் இது உண்டு, ஏனெனில் வயதானவர்களின் உடலில் ஊசியின் பாதுகாப்பு குறைவாக இருக்கும். குறைந்தது 14 நாட்கள். அதோடு, கடைசியாக ஒருவருக்கு நோய் வந்து 7 நாட்கள் ஆகும் வரை. இரண்டில் எது பின்னால் வருகிறதோ அதுதான் கணக்கு.

நம் இல்லத்தில் நவம்பர் 6 தொடங்கினால் 14 நாட்கள் 19-ஆம் தேதி முடியும். கடைசி நோயாளி 10-ஆம் தேதி வந்தால் 7 நாட்கள் 17-ஆம் தேதி முடிகிறது. ஆகவே 19 வரை. ஆனால் 15-ஆம் தேதி இன்னொருவர் படுத்தால் 22 வரை நீட்ட வேண்டும். தடுப்பு மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே ஒருவருக்கு இருமல் தொடங்கினால், உடனே மருத்துவரிடம் சொல்லி, தினம் ஒன்று என்பதைத் தினம் இரண்டாக மாற்ற வேண்டும். குறைந்த அளவையே தொடர்ந்தால் மருந்துக்கு அடங்காத கிருமி உருவாக வழியுண்டு.

மாத்திரைக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். நால்வருக்கு 10 வீதம் 40. 28 பேருக்கு 14 வீதம் 392. மொத்தம் 432. பத்து மாத்திரை அட்டை என்றால் 44 அட்டை. மருத்துவர் சீட்டில்லாமல் கிடைக்காத இந்த மருந்தை வியாழன் இரவு தெருமுனை மருந்துக்கடையில் இத்தனை வாங்க முடியாது. அதனால்தான் புதன்கிழமையே சுகாதார நிலையத்திடம் சொல்லி வைக்க வேண்டும் என்கிறோம்.

இதில் நீங்கள் செய்ய வேண்டிய முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. ஓசல்டாமிவிர் சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. சிறுநீரகம் மெதுவாக வேலை செய்தால் அளவைக் குறைக்க வேண்டும். இதற்கு மருத்துவர் ரத்தத்தில் உள்ள கிரியாட்டினினோடு வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிடுவார். 80 வயது, 50 கிலோ எடையுள்ள ஓர் அம்மாவுக்குக் கிரியாட்டினின் 1.0. லேப் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்றே இருக்கும். ஆனால் கணக்குப் போட்டால் சிறுநீரகத் திறன் நிமிடத்துக்குச் சுமார் 35 மில்லிலிட்டர்தான். 60-க்குக் கீழே இருந்தால் 75-க்குப் பதில் 30 மில்லிகிராம் மாத்திரை. 30-க்கும் கீழே போனால் இன்னும் குறையும். ஆகவே அம்மாவின் கடைசி ரத்தப் பரிசோதனைத் தாள், இப்போதைய எடை, தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் மூன்றையும் படமெடுத்து இல்லத்துக்கு இன்றே அனுப்பி வையுங்கள். காய்ச்சல் வந்த இரவில் தேடினால் கிடைக்காது.

அடுத்து, பணியாளர்கள். பல இல்லங்களில் கிருமி உள்ளே வருவது இவர்கள் வழியாகத்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு நாள் வரவில்லை என்றால் ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்ற நிலையில், இருமல் உள்ள அக்கா ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வரத்தான் செய்வார். "இருமினால் வராதே" என்ற அறிவிப்பு ஒட்டினால் மட்டும் போதாது; "வராவிட்டாலும் சம்பளம் உண்டு" என்றும் நிர்வாகம் சொல்ல வேண்டும். காய்ச்சல் விட்டு, பாராசிட்டமால் போடாமலே 24 மணி நேரம் கடந்த பிறகே அவர் திரும்பி வரலாம். இருமல் மிச்சமிருந்தால் முகக்கவசம் கட்டாயம்.

நோயுற்ற நால்வரையும் கவனிக்க ஒரு வேளைக்கு ஒரே ஆளை ஒதுக்க வேண்டும். அவர் மற்ற அறைகளுக்குப் போகக் கூடாது. ஒருவரைத் தொட்டுவிட்டு அடுத்தவரிடம் போகும் முன் சோப்பாலோ சானிடைசராலோ கை கழுவ வேண்டும். இங்கே வேலை முடித்து மாலையில் வேறு வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள் உண்டு. பரவல் முடியும் வரை அதை நிறுத்தி வைக்க வேண்டும். சாப்பாடு அவரவர் அறைக்கே போக வேண்டும். பஜனை, டிவி கூடம் எல்லாம் தள்ளி வைக்கலாம். நோயுற்றவர் 7 நாட்கள் தனி அறையில், அல்லது காய்ச்சலும் இருமலும் தணிந்து 24 மணி நேரம் ஆகும் வரை. எது அதிகமோ அது. தனி அறை இல்லையென்றால் நோயுற்றவர்களை ஒரே அறையில் சேர்த்து, கட்டில்களுக்கு நடுவே இடைவெளி விட்டுத் திரை போடலாம்.

பார்க்க வருவது பற்றி. முழுக் கதவடைப்பு தேவையில்லை என்பது எங்கள் கருத்து. உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ சளி, இருமல் இருந்தால் போகாதீர்கள். குழந்தைகளைக் கூட்டிப் போகாதீர்கள். போயே ஆக வேண்டும் என்றால் ஒருவர் மட்டும், முகக்கவசத்தோடு, நேரே உங்கள் அம்மாவின் அறைக்குப் போய், நேரே திரும்பி வாருங்கள். மற்ற பாட்டிகளிடம் நலம் விசாரிப்பதை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம். இறுதிக் கட்டத்தில் இருப்பவரைப் பிள்ளைகள் பார்ப்பதை எந்த விதியும் தடுக்கக் கூடாது. புதிதாக யாரையும் இந்த நாட்களில் இல்லத்தில் சேர்க்கவும் கூடாது.

"அம்மாவை வீட்டுக்கே கூட்டிட்டு வந்துடலாமா?" என்று பலரும் கேட்கிறார்கள். கூட்டி வரலாம். ஆனால் அவர் உடம்பில் கிருமி ஏற்கெனவே புகுந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே செய்யுங்கள். முதல் 4 நாட்கள் தனி அறை, தினம் இரண்டு முறை வெப்பநிலை. வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் யோசிக்க வேண்டும். தடுப்பு மாத்திரை தொடங்கியிருந்தால், மீதி நாட்களுக்கான மாத்திரையையும் மருந்துச் சீட்டையும் கையோடு வாங்கி வர மறக்காதீர்கள்.

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, எழுப்பினாலும் எழாத மயக்கம், நகம் உதடு நீலமாதல், சளியில் ரத்தம் இவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். இல்லத்தில் ஃபுளூ பரவியிருக்கிறது என்பதை ஆம்புலன்ஸ் ஊழியரிடமும் மருத்துவமனை வாசலிலும் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அவர்கள் முகக்கவசம் போட்டு, தனி இடத்தில் வைப்பார்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104. எத்தனை பேருக்கு நோய், மருந்து தொடங்கிவிட்டதா என்று கேட்டும் இல்லம் பதில் சொல்லவில்லை என்றால், முதியோர் உதவி எண் 14567-ல் காலை 8 முதல் இரவு 8 மணி வரை புகார் சொல்லலாம்.