மொழியும் பொழுதுபோக்கும்: பயோவில் இடம் உண்டா?

‘தெரிந்த மொழிகள்: தமிழ், ஆங்கிலம். பொழுதுபோக்கு: புத்தகம் வாசித்தல், இசை கேட்டல்.’ இந்த இரண்டு வரிகளை அடிக்காமல் முதல் பயோடேட்டாவை முடித்தவர்கள் நம்மில் குறைவு. வேலை கிடைத்து, அனுபவம் சேர்ந்து, சொந்தமாகத் தொழில் தொடங்கிய பிறகும் இதே வரிகள் இணையதளத்தில் நம்மைப் பற்றி எழுதும் அறிமுகத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. அங்கே அவை தேவையா என்று யாரும் கேட்பதில்லை.

பயோடேட்டாவும் பயோவும் ஒன்றல்ல. பயோடேட்டாவைப் படிப்பவர் நம்மைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருக்கிறார். அவருக்கு விவரம் வேண்டும். பயோ என்பது நூறு, நூற்றைம்பது சொற்களில் முடியும் சின்ன அறிமுகம். அதைப் படிப்பவர் நம்மிடம் வேலை கொடுக்கலாமா, வைத்தியத்துக்கு வரலாமா, பேச அழைக்கலாமா என்று யோசிப்பவர். ஆகவே ஒவ்வொரு வரியையும் ஒரே கேள்வியால் சோதிக்கலாம்: இந்த வரி இல்லாவிட்டால் அவர் எடுக்கும் முடிவில் ஏதாவது மாறுமா?

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். வேலூரில் சொந்தமாக சிகிச்சையகம் நடத்தும் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் தன் இணையதளத்துக்குப் பயோ எழுதுகிறார். படிப்பு, அனுபவம் எல்லாம் எழுதியாகிவிட்டது. கடைசியில் இப்படி முடிக்கிறார்: ‘தமிழ், ஆங்கிலம், தெலுங்கு, இந்தி, வங்காளம் அறிந்தவர். வாசிப்பு, சமையல், ஓட்டம் ஆகியவற்றில் ஆர்வம் உள்ளவர்.’

முதலில் மொழிகள். தமிழும் ஆங்கிலமும் இந்த ஊரில் எந்த முடிவையும் மாற்றப்போவதில்லை; இரண்டும் இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். வங்காளம் அப்படியல்ல. சிஎம்சி மருத்துவமனையை நம்பி மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகள் காலங்காலமாக வேலூருக்கு வருகிறார்கள். மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகை வைத்த லாட்ஜும் சாப்பாட்டுக்கடையும் இருப்பது அதனால்தான். முதுகெலும்பு அறுவை முடிந்து மாதக்கணக்கில் உடற்பயிற்சி செய்ய வேண்டிய ஒருவருக்கு, தன் மொழியில் வலியைச் சொல்ல ஓர் ஆள் கிடைப்பது அந்தச் சிகிச்சையகத்தைத் தேர்ந்தெடுக்கவே காரணமாகலாம். அப்படியானால் வங்காளம் கடைசி வரியில் ஒதுங்கி நிற்கக் கூடாது. என்ன சிகிச்சை தருகிறார் என்று சொல்லும் வாக்கியத்தின் அருகிலேயே வர வேண்டும்.

ஆனால் எவ்வளவு வங்காளம்? நம் பழைய விண்ணப்பப் படிவங்களில் படிக்க, எழுத, பேச என்று மூன்று கட்டங்கள் இருக்கும். வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ பேசி, தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்கு அந்த மூன்று கட்டங்களின் அருமை தெரியும். ‘அறிந்தவர்’ என்ற ஒற்றைச் சொல் அந்த வித்தியாசத்தை மூடிவிடுகிறது. நம் பிசியோதெரபிஸ்ட் வங்காளத்தில் வலி எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது என்று கேட்டு, பதிலையும் புரிந்துகொள்வார். மருத்துவ அறிக்கையைப் படிக்கத் தெரியாது. அப்போது ‘நோயாளிகளுடன் வங்காளத்தில் உரையாடுவார்’ என்று எழுதினால் அது உண்மை. அதற்கு மேல் எதுவும் வேண்டாம். தெலுங்குக்கும் அதே அளவுகோல்தான்: சித்தூர் பக்கத்து நோயாளியிடம் முழுதாகப் பேச வருமென்றால் அதுவும் இருக்கட்டும்.

இந்தி? பஸ்ஸில் சில்லறை கேட்கும் அளவு. அதை நம்பி ஒருவர் போன் செய்து, தன் மாமியாரின் மாத்திரை விவரத்தை இந்தியில் கொட்டத் தொடங்கினால் என்ன ஆகும்? வைத்தியத்தில் பாதி புரிந்த பதில், புரியாத பதிலைவிட ஆபத்து. இந்தியை எடுத்துவிட வேண்டும். படிப்பவர் இன்று மாலை அந்த மொழியில் கூப்பிட்டால் வேலை நடக்குமா என்பதுதான் அளவு.

வெளிநாட்டு வேலைக்கு எழுதும்போது இந்த அளவுகோல் இன்னும் கறாராகிறது. ‘ஜெர்மன் தெரியும்’ என்று நர்ஸ் ஒருவர் எழுதினால் ஜெர்மனியில் அதற்கு மதிப்பில்லை. ஏ1 முதல் சி2 வரை ஐரோப்பாவில் ஆறு படிநிலைகள் உண்டு. அங்கே நர்ஸாகப் பதிவு செய்ய பொதுவாக பி2 கேட்கிறார்கள். ஜப்பானிய மொழித் தேர்வுக்கும் என்5 முதல் என்1 வரை நிலைகள் உண்டு. அதில் என்1தான் உச்சம். தேர்வு எழுதியிருந்தால் நிலையையும் ஆண்டையும் எழுதலாம். பழைய சான்றிதழாக இருந்து, மொழி கைவிட்டுப் போயிருந்தால் ஆண்டே அதைச் சொல்லிவிடும்.

இனி பொழுதுபோக்கு. நம் பிசியோதெரபிஸ்ட் எழுதிய மூன்றில் வாசிப்பும் சமையலும் யாருக்கும் பொருந்தும். அதனாலேயே அவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஓட்டம் வேறு. முழங்கால் வலியோடு வரும் ஓட்டக்காரர், ‘ஓடுவதை நிறுத்துங்கள்’ என்று மட்டும் சொல்லி அனுப்பாத ஒருவரைத் தேடுகிறார். ‘தானும் நெடுந்தூரம் ஓடுபவர்’ என்ற வரி அவருக்குக் காரணத்தோடு படுகிறது. அது தொழிலைத் தொட்டு நிற்பதால் பயோவில் இடம் பெறுகிறது.

எழுதிய பொழுதுபோக்குக்குப் பதில் சொல்லவும் தெரிய வேண்டும். ஐஏஎஸ் தேர்வுக்கு எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மத்தியத் தேர்வாணையத்தின் விரிவான விண்ணப்பத்தில் பொழுதுபோக்கைக் குறிப்பிட வேண்டும். 275 மதிப்பெண் நேர்முகத்தில் அதிலிருந்தே கேள்வி வரும். ‘தோட்டக்கலை’ என்று எழுதியவரிடம் மாடியில் வளரும் செடிக்கு என்ன உரம் என்று கேட்டால் விழிக்கக் கூடாது. பயோவைப் படித்துவிட்டு வரும் வாடிக்கையாளரும் அதே கேள்வியைக் கேட்கக்கூடும். மூன்று வருடமாகத் தொடாத வீணையை எழுதுவதைவிட எழுதாமல் இருப்பது மேல்.

பொழுதுபோக்கு வரியில் நாம் நினைக்காத ஒன்றும் வெளியே தெரிகிறது. அமெரிக்காவில் லாரன் ரிவேரா, அன்ட்ராஸ் டில்சிக் என்ற இரு ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. பெரிய சட்ட நிறுவனங்களுக்குக் கற்பனை மாணவர்களின் விண்ணப்பங்களை அனுப்பினார்கள். படிப்பும் மதிப்பெண்ணும் ஒன்றே. பொழுதுபோக்கு போன்ற சிறு அடையாளங்கள் மட்டும் மாறின. பாய்மரப் படகு, போலோ, செவ்வியல் இசை என்று எழுதிய ஆணுக்கு, சாதாரண கால்பந்து, கன்ட்ரி இசை என்று எழுதிய ஆணைவிடப் பல மடங்கு அழைப்பு வந்தது. அதே வசதியான அடையாளம் பெண்ணுக்கு அவ்வளவு உதவவில்லை. வசதி, வளர்ந்த சூழல், நம் ஊரில் என்றால் மதமும் சாதியும்கூட அந்த ஒரு வரியில் எட்டிப் பார்க்கலாம். மறைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. எதைச் சொல்கிறோம் என்று தெரிந்து சொல்ல வேண்டும்.

எல்லாம் சலித்தபின் நம் பிசியோதெரபிஸ்டின் பயோவில் இந்தப் பகுதி இப்படி நிற்கும்: ‘முதுகெலும்பு, மூட்டு அறுவைக்குப் பிந்தைய பயிற்சிகளை அளிக்கிறார், தெலுங்கு, வங்காளம் பேசும் நோயாளிகளுடன் அவர்கள் மொழியிலேயே உரையாடுவார். தானும் நெடுந்தூரம் ஓடுபவர் என்பதால் ஓட்டக்காரர்களின் காயங்களில் தனிக் கவனம் செலுத்துகிறார்.’ கருத்தரங்க அழைப்பிதழுக்கு ஐம்பது சொல்லில் கேட்டால், மருத்துவர்கள் கூடும் அந்த இடத்தில் மொழியும் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம். படிப்பும் பணியும் போதும். ஓட்டக்காரர் சங்கம் பேச அழைத்தால் ஓட்டம்தான் முதல் வரி.

ஒரே பயோவை எல்லா இடத்துக்கும் அனுப்புகிறவர்கள்தான் இந்தக் கேள்விக்கு ஒரே பதிலைத் தேடி அலைகிறார்கள். படிப்பவர் மாறினால் பதிலும் மாறும்.