நின்றுபோன பார்ட்டி

திருப்பூரில் வாடிக்கையாளரைப் ‘பார்ட்டி’ என்போம். ஒரு பார்ட்டி சண்டை போட்டுக்கொண்டு போவது அபூர்வம். மாதம் மூன்று டன் துணி அனுப்பியவர் ஒன்றரை டன் அனுப்புவார். பிறகு வேறெங்கும் இடம் கிடைக்காத அவசர வேலை மட்டும் வரும். பிறகு அதுவும் நின்றுவிடும். போன் போட்டால், “இப்ப ஆர்டர் கம்மிங்க” என்பார். அவருடைய வண்டியோ வேறொரு சாயப்பட்டறை வாசலில் நிற்கும்.

நான் ஒரு சாயப்பட்டறையில் மார்க்கெட்டிங் பார்த்தபோது, குழந்தைகள் டி-சர்ட் தைக்கும் ஏற்றுமதி கம்பெனி ஒன்று இப்படித்தான் போனது. எட்டு மாதமாக ஒரு ரோல்கூட வரவில்லை. கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைத்துத் தருகிறோம் என்று போனில் சொல்லிப் பார்த்தேன். பதில் இல்லை. அவர் ரேட்டுக்காகப் போனவர் அல்ல. ஏன் போனார் என்பதே எங்களுக்கு இன்னும் புரியவில்லை என்றுதான் அந்த ஐந்து ரூபாய் அவருக்குச் சொல்லியிருக்கும்.

காரணம் அவருடைய கடைசி பில்களில் இருந்தது. 960 கிலோ நேவி புளூ, நான்கு லாட். மூன்று லாட்டில் 250 கிலோ, மூன்றாவது லாட்டில் மட்டும் 210 கிலோ. மெஷினில் துணி குறைந்தால் தண்ணீரையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் சாயம் நீர்த்து, துணியில் ஏறுவது குறையும், ஷேடு மாறும். அன்றைய ஷிஃப்டில் தண்ணீர் 250 கிலோவுக்கானதாகவே இருந்தது. அந்த லாட் சற்று வெளிறி, லேசாகச் சிவப்படித்தது.

டியூப் லைட் வெளிச்சத்தில் யார் கண்ணுக்கும் அது படவில்லை. போதாக்குறைக்கு ரோல்களில் லாட் நம்பர் எழுதாமல் அனுப்பிவிட்டோம். கட்டிங் மேஜையில் நான்கு லாட்டும் கலந்து, முன்பக்கம் ஒரு நீலமும் கை வேறொரு நீலமுமாகத் தைத்துவிட்டார்கள். 600 பீஸ் இன்ஸ்பெக்‌ஷனில் கழிந்தது. அவர் 90,000 ரூபாய்க்கு டெபிட் நோட் போட்டார். “வெட்டும் முன்னால நீங்க பார்த்திருக்கணும்” என்று திருப்பி அனுப்பினோம். அவர் சொன்னதிலும் நாங்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் ஷேடு மாறியதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்த முறை முதலாளியே நேரில் போனார். கையில் அந்த நான்கு லாட்டின் சாம்பிள் துண்டுகள், மெஷின் ஓட்டிய பதிவு, 45,000 ரூபாய்க்கு ஒரு கிரெடிட் நோட். ஆர்டர் கேட்கவில்லை.

“மூணாவது லாட் எங்க தப்புங்க. 210 கிலோவுக்கு 250 கிலோ தண்ணிய வெச்சு ஓட்டீட்டோம். ரோல்ல நம்பரும் எழுதல.”

அவர் துண்டுகளை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அன்னைக்கே இதைச் சொல்லியிருந்தா, நான் எதுக்குங்க வேற இடம் போறேன்?”

‘ஏதோ நடந்துபோச்சு, இனிமே நடக்காது’ என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு எழுந்தே இருக்காது. எது, எந்த நாளில், எதனால் தவறியது என்று சொன்னால்தான் இனித் தவறாது என்பதை ஒருவர் நம்புவார். கிரெடிட் நோட்டையும் புது ஆர்டரோடு முடிச்சுப் போடக் கூடாது. ‘வேலை கொடுத்தால் கழித்துக்கொள்கிறோம்’ என்பது மன்னிப்பு ஆகாது, பேரம்.

இரண்டு வாரம் கழித்து 100 கிலோ மட்டும் கேட்டோம், அதே நேவி புளூவில், பழைய ரேட்டில். பட்டறையில் மாறியவை மூன்று. ஒவ்வொரு ரோலிலும் மார்க்கரால் லாட் நம்பர் எழுதினோம். ஒவ்வொரு லாட்டிலும் துண்டு வெட்டி, லைட் பாக்ஸில் பகல் வெளிச்சம், கடை வெளிச்சம் இரண்டிலும் பார்த்தோம். அந்தத் துண்டு ஒட்டிய கார்டில் அவருடைய மெர்ச்சண்டைசர் கையெழுத்துப் போட்ட பிறகே வண்டியில் ஏற்றினோம். நான்கு நாளில் தருகிறோம் என்று வாய் வரை வந்ததை அடக்கி, ஆறு நாள் கேட்டு ஆறாம் நாள் கொடுத்தோம். இப்போது அவருக்குச் சாயம் போடும் பட்டறையைப் பற்றி ஒரு சொல் குறைவாகப் பேசவில்லை. அதைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தானே.

போன எல்லாரையும் தேடிப் போக வேண்டியதில்லை. பாக்கி வைத்துவிட்டு நின்றவரிடம் முதலில் பாக்கியைப் பேச வேண்டும், வேலையை அல்ல.

இவர் திரும்பிவிட்டார் என்பது ரேட் கேட்காமல் துணி வந்த அன்று தெரிந்தது. காலருக்கான ரிப்பையும் சேர்த்தே அனுப்பியிருந்தார். உடம்புத் துணியும் ரிப்பும் ஒரே ஷேடில் வரும் என்ற நம்பிக்கை இல்லாமல் யாரும் அப்படி அனுப்ப மாட்டார்கள். ஆனாலும் நான் அங்கிருந்து விலகும்வரை அவருடைய துணியில் பாதி அந்த இன்னொரு பட்டறைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. நேவி புளூ மட்டும் முழுவதும் எங்களிடம் வந்தது.