தொண்டை நனைந்தால் போதுமா?

கத்திரி வெயிலில் அலைந்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடிக்கிறோம். இரண்டு மடக்கிலேயே தொண்டை வறட்சி தீர்ந்துவிடும். ஆனால் குடித்த தண்ணீர் அந்த நேரத்தில் வயிற்றில்தான் இருக்கிறது. அது குடலுக்கு இறங்கி ரத்தத்தில் சேர இன்னும் பல நிமிடங்கள் ஆகும். வாயும் தொண்டையும் நனைந்ததுமே 'தண்ணீர் வந்துவிட்டது' என்று மூளைக்குத் தகவல் போய், தாகம் அடங்கிவிடுகிறது. அதனால் தேவையில் பாதியைக் குடித்த நிலையிலேயே பலரும் சொம்பைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

தாகம் சீக்கிரம் அடங்குவது மட்டுமல்ல, அது வருவதும் தாமதமாகத்தான். வியர்வையில் உப்பைவிடத் தண்ணீர்தான் அதிகம் வெளியேறும். அதனால் ரத்தத்தின் உப்புச் செறிவு கூடுகிறது. இது 1 அல்லது 2 சதவீதம் கூடினாலே மூளை அதை உணர்ந்து இரண்டு வேலைகள் செய்கிறது. தாகத்தை எழுப்புகிறது, சிறுநீரகத்திடம் தண்ணீரை வெளியே விடாதே என்கிறது. சிறுநீர் அளவு குறைந்து அடர் மஞ்சளாகிறது. எச்சில் ஊறுவதும் குறைகிறது. மூச்சு வாங்கி வாயால் காற்றை இழுக்கும்போது மிச்சமிருக்கும் ஈரமும் போய், தொண்டை காய்கிறது.

மே மாதத்தில் வேலூரில் மாடித் தளத்தில் வேலை செய்யும் ஒரு கொத்தனாரை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலை 8 மணிக்கு அவர் எடை 60 கிலோ. பகல் 12 மணிக்கு 58.8 கிலோ. இடையில் 1.5 லிட்டர் தண்ணீர் குடித்திருக்கிறார்; சிறுநீராகப் போனது சுமார் 300 மில்லி; ஒன்றும் சாப்பிடவில்லை. எடையில் குறைந்த 1.2 லிட்டரோடு குடித்த 1.5 லிட்டரைக் கூட்டி, சிறுநீரைக் கழித்தால் 2.4 லிட்டர். நான்கு மணி நேரத்தில் இவ்வளவும் வியர்வையாகவும் மூச்சாகவும் போயிருக்கிறது. அவர் தாகம் எடுத்தபோதெல்லாம் குடித்தவர்தான். ஆனாலும் உடல் எடையில் 2 சதவீதம் பற்றாக்குறை. தலை பாரமாக இருப்பது, கை தளர்வது, சள்ளென்று எரிச்சல் வருவது எல்லாம் இந்த அளவில்தான் தொடங்கும்.

தண்ணீரோடு உப்பும் போயிருக்கிறது. வியர்வையின் உப்பு ஆளுக்கு ஆள் வேறுபடும். பொதுவாக ஒரு லிட்டருக்கு 2 கிராம் அளவு என்று வைத்துக்கொண்டால், அந்தக் காலை நேரத்தில் மட்டும் அவர் இழந்தது கிட்டத்தட்ட 5 கிராம். அதாவது ஒரு தேக்கரண்டி. சட்டை முதுகில் வெள்ளையாகப் பூத்து நிற்பது அதுதான். இந்த இழப்புக்கு வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் குடித்தால் ரத்தம் நீர்த்துப்போகும். சிறுநீரகம் அதை 'மிகுதி' என்று நினைத்து வெளியே தள்ளும். தாகமும் இருக்காது, சிறுநீரும் தெளிவாகப் போகும்; ஆனால் பற்றாக்குறை தீர்ந்திருக்காது. மாலையில் கெண்டைக்கால் பிடித்து இழுப்பவர்களில் பலர் இப்படித் தண்ணீர் குடித்தும் உப்பு சேராதவர்கள்.

ஆகவே வெயிலில் வேலை செய்பவர் தொண்டையைக் கேட்டுக் குடிக்காமல், நேரத்தைப் பார்த்துக் குடிக்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி. மணிக்கு 600 மில்லி வருகிறது. நம் கொத்தனாரின் வியர்வைக்குச் சரியாக இருக்கும். கடும் வேலையில் கூடுதலாகத் தேவைப்படலாம். ஆனால் மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் போனால் ரத்தத்தின் சோடியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.

உப்பை எங்கிருந்து ஈடுகட்டுவது? வேலைக்குக் கிளம்பும் முன் உப்புப் போட்ட நீராகாரமோ கஞ்சியோ ஒரு சொம்பு. பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் நீர்மோர். ஒரு பங்கு தயிருக்கு நான்கு பங்கு தண்ணீர் விட்டுக் கடைந்து, லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டால் வியர்வையில் போகும் உப்புக்கு அது ஏறக்குறைய ஈடாகும். மதியம் ரசமும் சாம்பாரும் ஊறுகாயும் இருக்கிற சாப்பாடு மீதியைப் பார்த்துக்கொள்ளும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது சோடியம். எனவே இளநீர் மோருக்கு மாற்றாகாது. வழக்கமாக டீ குடிப்பவருக்கு இரண்டு டீ கெடுதல் செய்யாது, அதுவும் தண்ணீர்க் கணக்கில்தான் சேரும். கோலா போன்ற பானங்களில் 100 மில்லிக்குப் பத்து கிராம் அளவில் சர்க்கரை இருக்கிறது. அவ்வளவு கெட்டியான சர்க்கரைத் தண்ணீர் வயிற்றை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். உப்பும் அதில் இல்லாத குறைதான். மாலையில் மது குடிப்பவருக்குச் சிறுநீர் கூடுதலாகப் போய், மறுநாள் வேலை பற்றாக்குறையோடுதான் தொடங்கும்.

ஓ.ஆர்.எஸ். என்கிற உப்புச் சர்க்கரைக் கரைசலின் சூட்சுமமும் சர்க்கரையின் அளவில்தான் இருக்கிறது. குடல் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக உள்ளே போகும் வழி ஒன்று உண்டு. அவை போகும்போது தண்ணீரும் பின்னாலேயே போகும். 1971இல் வங்கதேசப் போரின்போது பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நேரத்தில், மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் இந்தக் கரைசலைப் பீப்பாய்களில் கலக்கிக் குடிக்கக் கொடுத்தார். முகாமில் 30 சதவீதத்தை எட்டியிருந்த சாவு விகிதம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்றைய உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும் கொஞ்சம். கோலாவில் இருப்பது இதைப்போல் ஏழெட்டு மடங்கு சர்க்கரை.

மூன்று வேளை சாப்பிட்டு நிழலில் இருப்பவருக்குத் தினமும் ஓ.ஆர்.எஸ். வேண்டியதில்லை. சாப்பிடாமல் பல மணி நேரம் வியர்த்தவருக்கும், தசைப்பிடிப்போ தலைச்சுற்றலோ வந்தவருக்கும், வயிற்றுப்போக்கு உள்ளவருக்கும்தான் அது. தவறு பெரும்பாலும் கலக்குவதில் நடக்கிறது. ஒரு லிட்டருக்கான பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் குடித்தால் அந்தக் கெட்டிக் கரைசல் உடம்பிலிருந்தே தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். பாக்கெட் மேல் போட்டிருக்கும் அளவைப் பார்த்து, முழுதாகக் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். கண்ணீர் போலத்தான் கரிக்க வேண்டும். அதற்கு மேல் கரித்தால் கொட்டிவிட்டு வேறு கலக்க வேண்டும்.

ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் உப்புக் கரைசலையும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீரையும், சர்க்கரை நோயாளிகள் இனிப்புப் பானங்களையும் மருத்துவரைக் கேட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வெயிலில் போகாமலேயே எந்நேரமும் தொண்டை வறண்டு, சிறுநீரும் அடிக்கடி போனால் ரத்தச் சர்க்கரையைப் பரிசோதிப்பது நல்லது. வெயிலில் நின்றவர் உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறினால், அவருக்குத் தேவைப்படுவது பானமில்லை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெங்கும் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே 108க்கு அழைக்க வேண்டும்.