கல்யாண வீடியோ வந்தாச்சு, எந்த ஃபைலை இறக்குவது?

கல்யாணம் முடிந்து ஓரிரு மாதம் கழித்து வீடியோக்காரரிடமிருந்து இப்படி ஒரு மெயில் வரும்: “வணக்கம் சார், வீடியோ ரெடி. மூணு ஃபைல் டிரைவ்ல போட்டிருக்கேன். லிங்க் 30 நாள்தான் இருக்கும், அதுக்குள்ள டவுன்லோட் பண்ணிடுங்க.” கீழே மூன்று பெயர்கள்: Highlights.mp4, Full_HD.mp4, Full_4K.mp4.

பெண்ணின் அப்பா லிங்கைத் தொட்டுப் பார்த்த கையோடு போன் போடுவார். “என்ன தம்பி, தாலி கட்டுற இடமே மங்கலா இருக்கே?” வீடியோவில் குறை இல்லை. லிங்கைத் தொட்டதும் அந்தப் பக்கத்திலேயே ஓடுவது, கூகுள் டிரைவ் தானாகத் தயாரிக்கும் சிறிய நகல். பெரிய ஃபைல் என்றால் அது தெளிவாக வரச் சில மணி நேரமாகும். நெட் மெதுவாக இருந்தாலும் மங்கும். இறக்கிய பிறகு பார்த்துத்தான் குறை சொல்ல வேண்டும்.

அடுத்தது, எதை இறக்குவது? 4கே-யில் ஃபுல் எச்டியைப் போல நான்கு மடங்கு புள்ளிகள் உண்டு. மூன்று மணி நேர வீடியோ என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 12 மெகாபிட் வீதம் செய்த எச்டி ஃபைல் சுமார் 16 ஜிபி. 50 மெகாபிட் வீதம் செய்த 4கே ஃபைல் 67 ஜிபியைத் தாண்டும். வீட்டு நெட் 40 மெகாபிட் வேகம் என்றால் எச்டி ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடும், 4கே-க்கு மூன்றே முக்கால் மணி நேரம். மொபைல் டேட்டாவில் இதைத் தொடவே வேண்டாம். கூடத்து டிவி 32 அங்குலம் என்றால் சோபாவிலிருந்து பார்க்கையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவது கஷ்டம். பார்க்க எச்டி, பத்திரப்படுத்த 4கே என்பதே என் கணக்கு.

பென் டிரைவில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பென் டிரைவில் 30 ஜிபி காலியாக இருந்தும் ‘ஃபைல் பெரிது’ என்று கணினி மறுக்கும். அது எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும். அதில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் ஏறிவிடும் (மாற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலில் வேறிடத்தில் எடுத்து வையுங்கள்). பழைய டிவிகள் சில எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது. அப்போது வீடியோக்காரரிடம் எச்டியை 40 நிமிடத் துண்டுகளாகக் கேளுங்கள்; ஒவ்வொன்றும் 4 ஜிபிக்குள் அடங்கும். சத்தம் மட்டும் கேட்டுப் படம் வராவிட்டால், டிவிக்கு எச்.265 முறை தெரியவில்லை என்று பெரும்பாலும் அர்த்தம். எச்.264-இல் கேட்டால் போதும்.

டிரைவில் Add shortcut என்பதை அழுத்திவிட்டு ‘சேவ் ஆயிடுச்சு’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அது நகல் இல்லை, வழிகாட்டி மட்டுமே. அவர் தன் கணக்கிலிருந்து அழித்தால் உங்களுக்கும் கிடையாது. இறக்கியதும் மெயிலில் சொன்ன அளவும் உங்கள் ஃபைலின் அளவும் ஒன்றா என்று பாருங்கள். நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள். இன்னொரு ஹார்ட் டிஸ்கிலும் போட்டு வைத்துவிட்டு, அதன் பிறகு ‘கிடைச்சுது’ என்று பதில் அனுப்புங்கள். அந்தப் பதில் வந்ததும் அடுத்த கல்யாணத்துக்கு இடம் வேண்டி, மூலப் பதிவுகளை அழித்துவிடுகிறவர்கள் உண்டு.