பெரியவர்களுக்கு ஒரு நாற்பது நொடி

ஓர் ஊரில் இலவசக் கண்புரை முகாம் நடக்கப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்ஸ்டாகிராமுக்காக 20 நொடி விளம்பரம் ஒன்று தயாராகிவிட்டது. தாளம் போடும் இசை, பதினைந்து காட்சிகள், நொடிக்கொரு தரம் பறந்து வந்து மறையும் எழுத்துகள். அதையே குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் போட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். ஆனால் முகாமுக்கு வரவேண்டியவர்களுக்கே கண்ணில் புரை. விளம்பரத்தைப் படிக்கவே அவர்களுக்கு அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும்!

பெரியவர்கள் பலர் போனின் செட்டிங்ஸில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். குழுவில் வரும் செய்திகள் அப்போது பெரிதாகத் தெரியும். வீடியோவுக்குள் பதிந்துவிட்ட எழுத்துக்கு அந்த வசதி கிடையாது. நாம் வைத்த அளவுதான் கடைசிவரை. வழக்கமான போன் திரையின் அகலம் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். செங்குத்து வீடியோவில் ஒரு வரிக்குப் பன்னிரண்டு எழுத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட அரை சென்டிமீட்டர் அகலம் பெறும். ‘இலவசக் கண் பரிசோதனை முகாம்’ என்பதை ஒரே வரியில் திணிக்காமல், ‘இலவசக் கண்’ என்று மேலேயும் ‘பரிசோதனை’ என்று கீழேயும் போடலாம். ‘முகாம்’ குரலில் வந்தால் போதும்.

தடித்த எழுத்துரு நல்லது என்று தோன்றும். தமிழில் அது அளவோடுதான். ‘ண’, ‘ன’ ஆகியவற்றின் சுழிகள் அடைபட்டு இரண்டும் ஒன்றுபோல் ஆகிவிடும். வாட்ஸ்அப் வேறு வீடியோவைச் சுருக்கி அனுப்புவதால் புள்ளியும், கொம்பின் வளைவும் கரைந்துபோகும். ‘கெ’யா ‘கே’யா என்று தெரியாது. நடுத்தரத் தடிமன், வரிகளுக்கிடையே தாராளமான இடைவெளி, எழுத்துக்குப் பின்னால் படம் ஓடாத ஒரே நிறப் பட்டை: இவை போதும். தரம் குறையாமலிருக்க டாக்குமென்டாக அனுப்பலாமே என்பார்கள் சிலர். அது குழுவில் ஒரு கோப்பாகக் கிடக்கும். பல பெரியவர்கள் தொடவே மாட்டார்கள்.

நிறத்துக்கும் கணக்கு உண்டு. புரை விழுந்த கண்ணுக்குப் பளீர் வெள்ளைப் பின்னணி கூசும். நீலமும் ஊதாவும் மங்கும். கரும்பச்சை அல்லது கறுப்புப் பட்டையில் இளமஞ்சள் எழுத்து நன்றாக எடுபடும்.

வேகத்தைக் குறைப்பது என்றதும் எடிட்டிங் செயலியில் மொத்த வீடியோவையும் முக்கால் வேகத்துக்கு இழுத்துவிடுவார்கள். குரல் மயக்கத்தில் பேசுவதுபோல் ஆகிவிடும். குரலை மறுபடி பதிவுசெய்யத்தான் வேண்டும். சொற்களை இழுக்கத் தேவையில்லை. சொற்றொடருக்குச் சொற்றொடர் மூச்சு விட்டால் போதும். வயதாகும்போது காது முதலில் இழப்பது உயர்ந்த ஒலிகளை. மெய்யெழுத்துகளைப் பிரித்தறிய உதவுபவை அவைதான். அடியில் இசை ஓடினால் பேச்சு அதில் மூழ்கிவிடும். ஆகவே பேசும் இடத்தில் இசையை முழுக்க நிறுத்திவிடுவதே என் கட்சி. திரையில் எழுத்து எவ்வளவு நேரம் நிற்கவேண்டும்? அவசரப்படாமல் வாய்விட்டு இருமுறை படித்துப் பாருங்கள், அந்த நேரம்.

இப்படிச் செய்தால் 20 நொடி 40 நொடியாகும். அதிலும் பழைய செய்தி எல்லாம் அடங்காது. மருத்துவர்களின் பட்டங்கள், நன்கொடையாளர் சின்னங்கள், ட்ரோன் காட்சி எல்லாம் போகட்டும். என்ன, எப்போது, எங்கே, யாரைக் கூப்பிடுவது என்ற நான்குக்கும் தலா எட்டு நொடி. மீதியில் பரிசோதனை செய்துகொள்ளும் ஒருவரின் முகம். குழுவில் பெரும்பாலும் முதல் காட்சிதான் முகப்புப் படமாகத் தெரியும் என்பதால் கறுப்பிலிருந்து மெல்ல விரியும் தொடக்கம் வேண்டாம். முதல் நொடியிலேயே ‘இலவசக் கண் பரிசோதனை’ நிற்கட்டும்.

தொலைபேசி எண்ணை வீடியோவில் ஐந்தைந்தாகப் பிரித்துப் பெரிதாகக் காட்டுங்கள். கூடவே வீடியோவின் கீழ் வாசகமாகவும் தட்டச்சு செய்யுங்கள். அதைத் தொட்டாலே அழைக்கலாம். வாசகம் இல்லாமல் யாராவது பகிர்ந்தால் வீடியோவில் இருப்பது கைகொடுக்கும். லிங்க் மட்டும் வேண்டாம். ‘தெரியாத லிங்க்கைத் தொடாதே’ என்று பிள்ளைகள் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னது சரிதான்.

அனுப்புமுன் சோதனை. வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி, வந்து சேர்ந்த பிரதியைப் பாதி வெளிச்சத்தில் எழுபது வயதுக்காரர் ஒருவரிடம் காட்டுங்கள். “நல்லா இருக்கா தாத்தா?” என்று கேட்டால், “நல்லா இருக்குப்பா” என்பார், நம் மனம் நோகக் கூடாது அவருக்கு. “என்னைக்கு, எங்க போகணும்?” என்று கேளுங்கள். அவர் மறுபடி திரையைத் தேடினால் அந்தக் காட்சி இன்னும் நீளவேண்டும்.

தேதியில் ‘இந்த ஞாயிறு’ என்று எழுதவே கூடாது. ‘14 ஜூன் 2026, ஞாயிறு’ என்று ஆண்டோடு எழுதவேண்டும். குடும்பக் குழுக்களில் ஒரு வீடியோ இரண்டு வருடம் கழித்தும் சுற்றிக்கொண்டிருக்கும். ஆண்டு இல்லாவிட்டால், முடிந்துபோன முகாமுக்கு யாராவது பஸ் பிடித்து வந்து நிற்பார்கள்.