கோப்பு வந்துவிட்டது, முழுதாக வந்ததா?

2020 செப்டம்பர் கடைசி வாரம். பிரிட்டனில் கொரோனாவின் இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் அரசின் டாஷ்போர்டில் அன்றாட தொற்று எண்ணிக்கை மட்டும் நான்கு நாட்களாக 7,000ஐச் சுற்றியே நின்றது. அக்டோபர் 3ஆம் தேதி அது 12,872 ஆனது, 4ஆம் தேதி 22,961. நோய் இரண்டே நாளில் மூன்று மடங்காகிவிடவில்லை. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை கணக்கில் விடுபட்டுப்போன 15,841 பேரை அந்த இரண்டு நாட்களில் சேர்த்தார்கள்.

விடுபட்ட விதம்தான் விசித்திரம். தனியார் ஆய்வகங்கள் பரிசோதனை முடிவுகளை சிஎஸ்வி கோப்புகளாக அனுப்பின. அது வெறும் எழுத்தும் காற்புள்ளியும் கொண்ட எளிய வடிவம். எத்தனை லட்சம் வரி வேண்டுமானாலும் கொள்ளும். பொதுச் சுகாதார அமைப்பான ‘பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து’ அந்தக் கோப்புகளைத் தானாக இழுத்து, பழைய `.xls` எக்செல் படிவத்தில் கொட்டி, அங்கிருந்து மத்தியத் தரவுத்தளத்துக்கு ஏற்றியது. `.xls` வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தான். ஒருவரின் முடிவே பல வரிசைகளைப் பிடித்ததால், ஒரு படிவத்தில் ஏறத்தாழ 1,400 பேர்தான் அடங்கினார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. மிச்சம் ஓசையின்றி உதிர்ந்தது.

நோயாளிகளுக்கு அவரவர் முடிவு போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடும் குழுவிடம் அந்தப் பெயர்கள் போகவில்லை. இந்தத் தாமதத்தால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கூடுதல் தொற்றுகள் ஏற்பட்டிருக்கும் என்று வார்விக் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஓர் ஆய்வு பின்னர் மதிப்பிட்டது.

எல்லோரும் எக்செல்லைத் திட்டினார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. எந்தக் கருவிக்கும் ஒரு வரம்பு இருக்கும். அனுப்பியவர் எத்தனை அனுப்பினார், ஏற்றியவர் எத்தனை ஏற்றினார் என்ற இரண்டு எண்களை அருகருகே வைத்திருந்தால் முதல் நாளே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

வெளி நிறுவனங்கள் கோப்பு போட்டுச் செல்லும் ‘டிராப் ஃபோல்டர்’ எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் இதே சிக்கல்தான். மருந்து கம்பெனிக்கு ஸ்டாக்கிஸ்ட் அனுப்பும் விற்பனைக் கணக்கும், வங்கிக்கு வரும் பணப்பரிமாற்றப் பட்டியலும் இப்படித்தான் வருகின்றன. நள்ளிரவில் பங்காளர் கோப்பைப் போடுவார். நம் நிரல் அதை எடுத்து, காலைக்குள் டாஷ்போர்டைப் புதுப்பிக்கும்.

இங்கே முதல் கண்ணி, கோப்பு ‘இருக்கிறது’ என்பதற்கும் ‘வந்து முடிந்துவிட்டது’ என்பதற்கும் உள்ள வித்தியாசம். எஸ்எஃப்டிபி வழியாக ஒரு பெரிய கோப்பு ஏறத் தொடங்கிய கணமே அதன் பெயர் ஃபோல்டரில் தெரிந்துவிடும். உள்ளே பாதிதான் இருக்கும். அந்த நேரத்தில் நம் நிரல் எட்டிப் பார்த்தால் கிடைப்பது இப்படி:

```
A1047,2020-09-25,POSITIVE
A1048,2020-09-25,POSI
```

இது நல்ல விபத்து. கடைசி வரி அறுந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. A1047 வரியோடு சரியாக அறுந்திருந்தால்? அதுவும் பழுதில்லாத சிஎஸ்வி கோப்புதான். எந்த நிரலும் குறை சொல்லாமல் படித்துவிடும்.

பலர் செய்வது, ஓரிரு நிமிடம் விட்டுக் கோப்பின் அளவை மறுபடி பார்ப்பது. அளவு மாறவில்லை என்றால் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். இணைப்பு நடுவில் தொங்கிப்போனாலும் அளவு மாறாதுதான். அதனால் இது யூகமே தவிர சோதனை இல்லை. நம்பகமான வழி அனுப்புபவர் கையில் இருக்கிறது. ஏற்றும்போது `lab_20200925.csv.part` என்ற தற்காலிகப் பெயரில் ஏற்றி, முடிந்தபின் `.part` என்ற வாலை நீக்கிப் பெயர் மாற்ற வேண்டும். ஒரே வட்டுப் பகுதிக்குள் பெயர் மாற்றுவது லினக்ஸ், யூனிக்ஸ் கணினிகளில் பிரிக்க முடியாத ஒற்றைச் செயல். பாதி மாறிய நிலை என்று ஒன்று கிடையாது. நம் நிரல் `.csv` என்று முடியும் பெயர்களை மட்டும் தொட்டால் போதும்.

ஆனால் அனுப்பியவரின் பக்கத்திலேயே குறைப்பிரசவம் நடந்திருக்கலாம். அவர் தரவுத்தளத்திலிருந்து எடுக்கும்போதே பாதியில் நின்றுபோன கோப்பை அழகாகப் பெயர் மாற்றி அனுப்பியிருக்கலாம். செக்சம் என்ற சரிபார்ப்புக் கையொப்பமும் இங்கே காப்பாற்றாது. கிளம்பிய கோப்பும் வந்த கோப்பும் ஒன்றுதானா என்பதை மட்டுமே அது சொல்லும். கிளம்பும்போதே முடமாக இருந்ததா என்று அதற்குத் தெரியாது. ஒரு பைட்டுகூட இல்லாத காலிக் கோப்புக்கும் செக்சம் உண்டு, அது கச்சிதமாகப் பொருந்தவும் செய்யும்.

ஆகவே எண்ணிக்கை தேவைப்படுகிறது. லாரியில் வரும் சரக்கோடு செலான் வருவதுபோல, கோப்பின் கடைசி வரியாக ஒரு முடிவு வரி வர வேண்டும்:

```
T,2020-09-25,1048
```

எந்த நாளின் கணக்கு, எத்தனை வரி என்று அது சொல்கிறது. அந்த வரியே இல்லை என்றால் கோப்பு பாதிதான். எண் ஒத்துவராவிட்டாலும் பாதிதான். தேதி நேற்று வந்த கோப்பில் இருந்ததே என்றால், பங்காளர் பழைய கோப்பையே மறுபடி அனுப்பிவிட்டார் என்று அர்த்தம். இந்த எண்ணை, அனுப்புபவர் கோப்பிலுள்ள வரிகளை எண்ணிப் போடக்கூடாது. தன் மூலத் தரவுத்தளத்தில் தனியாக எண்ணிப் போட வேண்டும். இல்லாவிட்டால் குறைந்த கோப்புக்குக் குறைந்த எண்தான் வரும், எல்லாம் பொருந்தியது போலவே தோன்றும். அமெரிக்க வங்கிகளின் ஏசிஹெச் பரிமாற்றக் கோப்புகளில் இது விதியாகவே இருக்கிறது. முடிவு வரியில் பதிவுகளின் எண்ணிக்கை, மொத்தத் தொகை, கூடவே வங்கிக் குறியீட்டு எண்களைக் கூட்டிய ஒரு எண்ணும் வரும். அந்தக் கூட்டுத்தொகைக்குத் தனியாகப் பொருள் எதுவும் இல்லை, சரிபார்க்க மட்டுமே பயன்படுகிறது.

முடிவு வரியைப் படித்ததோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். பிரிட்டனில் ஓட்டை விழுந்தது இதற்கும் அடுத்த கட்டத்தில். கோப்பு கைக்கு வந்த பிறகு, வழியில் இருந்த படிவத்தில் வரிகள் தொலைந்தன. எனவே எண்ண வேண்டிய இடம் கோப்பு மட்டுமல்ல, அது கடைசியாகப் போய்ச்சேரும் அட்டவணையும்தான். வந்த தரவை நேரே டாஷ்போர்டின் அட்டவணையில் கொட்டாமல், முதலில் ஒரு தற்காலிக அட்டவணையில் ஏற்றி, `SELECT COUNT(*)` கொடுத்து, 1048 வருகிறதா என்று பார்த்த பிறகே மாற்றிவைக்க வேண்டும். 1,040 வந்தால் அந்த எட்டுப் பேர் எங்கே என்று தெரியும் வரை புதுப்பிக்கக் கூடாது. நிரல் மறுத்த வரிகள் என்றால் அவை தனியாகப் பட்டியலில் கிடக்க வேண்டும்.

ஒரு பங்காளரின் கோப்பு வரவே இல்லை என்றால் என்ன செய்வது என்பது தொழில்நுட்பக் கேள்வி இல்லை, முடிவெடுக்கும் கேள்வி. ஐந்து ஆய்வகங்களில் நான்கு மட்டும் வந்திருக்கையில் கூட்டிப் போட்டால், தொற்று குறைந்துவிட்டதாகத் தலைப்புச் செய்தி வரும். நேற்றைய எண்ணையே தேதியுடன் காட்டி நிறுத்திவைப்பது மேல். ஐந்தாவதுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும், நள்ளிரவில் யோசிக்கக் கூடாது.

கோப்புகளைச் சிறு தொகுதிகளாகப் பிரித்து ஏற்றித்தான் பிரிட்டனில் அன்று அவசரமாகச் சமாளித்தார்கள். வரம்பைத் தாண்டாமலிருக்க அது போதும். ஆனால் வேறெங்காவது ஒரு வரி தொலைந்தால் பிரிப்பது காட்டிக்கொடுக்காது. உங்கள் அலுவலகத்திலும் காலையில் தானாகப் புதுப்பிக்கப்படும் திரை ஒன்று இருந்தால், அதைப் பராமரிப்பவரிடம் இன்றே கேளுங்கள்: நேற்று அவர்கள் எத்தனை வரி அனுப்பினார்கள், நாம் எத்தனை ஏற்றினோம்? இரண்டு எண்ணும் உடனே வராவிட்டால், அந்தத் திரையை நம்பி முடிவெடுக்காதீர்கள்.